முழங்காலில் ஒரு தட்டு

மஃரிபு தொழுததும் ஸைனபு வீட்டிலிருந்த மூன்று குர்ஆன்களையும் கொண்டுவந்து வைத்தாள். காயல்பட்டினத்து வழக்கப்படி உம்மாவின் வாப்பா அவளுக்கு அப்பா. இருவரும் சேர்ந்து குர்ஆனை வசனம் வசனமாக, ஆயத்து ஆயத்தாக, மனப்பாடம் செய்யப்போகிறார்கள். அப்பாவால் பார்த்து ஓத முடியாது, அவள் ஓதக் கேட்டுத்தான்.

"எதுல ஓதுறது அப்பா?"

"பக்கத்துக்குப் பதினஞ்சு வரி இருக்கணும். ஒவ்வொரு பக்கமும் ஆயத்து முடியுற இடத்துலயே முடியணும். கடைசிப் பக்கம் என்ன நம்பர்?"

"604."

"அதுதான். முடிக்கிற வரைக்கும் இந்த ஒண்ணுலதான் ஓதணும். ஆயத்து எந்த மூலையில இருக்குன்னு உன் கண்ணு புடிச்சு வச்சிரும். பிரதிய மாத்துனா அது கலைஞ்சிரும்."

"உங்களுக்கு?"

"எனக்கு உன் மூச்சுதான் வரி. கண்ட இடத்துல நிறுத்திராதே, நானும் அங்கயே நிப்பேன்."

புதுப் பாடம் விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு, அரைப் பக்கம். வெள்ளிக்கிழமை பழசு மட்டும். அந்தக் கணக்கில் முழுசும் முடிய நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறையும். ஸைனபு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கேட்டாள். அவர் சம்மதிக்கவில்லை. பழைய பாடத்தை மாலையில் அஸருக்குப் பிறகு தினமும் ஓதிக் காட்டியாக வேண்டும். புதுசு கூடினால் முதலில் விடுபடுவது அதுதான்.

முதலில் குர்ஆனின் கடைசிப் பாகமான முப்பதாவது ஜுஸ்உ. அதிலுள்ள சின்ன அத்தியாயங்களில், சூராக்களில், அவருக்குப் பலதும் ஏற்கெனவே பாடம். நெஞ்சுக்குள் இருப்பது சரியா என்று பார்க்க, காஃபிரூன் சூராவை ஓதினார். மூன்றாவது ஆயத்தும் ஐந்தாவதும் ஒரே சொற்கள். மூன்றாவதை ஓதியவர் நேரே ஆறாவதுக்குப் போய் முடித்துவிட்டார்.

ஸைனபு பேசாமல் இருந்தாள்.

"ஆறு ஆயத்து சூரா. விரல்ல எண்ணுனேன், நாலுதான் வருது. நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

"பெரியவங்கள எப்படித் திருத்துறது?"

"தப்பாவே பாடமாயிட்டா அப்புறம் அழிக்கிறது கஷ்டம்மா. வாயால சொல்ல வேணாம். முழங்கால்ல ஒரு தட்டு தட்டு. நானே தேடிப் பார்ப்பேன். ரெண்டாவது தட்டுக்கும் வரலைன்னா முதல் வார்த்தைய மட்டும் எடுத்துக் கொடு."

"நான் தப்பு விட்டா?"

"அதே தட்டு உனக்கும்."

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு நபஉ சூரா. அவள் பார்த்து ஓத, அவர் கேட்டுத் திருப்பினார். ஆயத்துக்கு ஐந்து தடவை. பிறகு முந்தைய ஆயத்தின் கடைசிச் சொல்லையும் அடுத்ததின் முதல் சொல்லையும் சேர்த்து ஐந்து தடவை. தனித்தனியாக நன்றாக வரும் ஆயத்துகள் அந்த மூட்டில்தான் நின்றுபோகும்.

பிறகு அவர் தனியாக ஓதினார். 'கல்லா ஸயஃலமூன்' என்று நாலாவதை முடித்து, 'அலம் நஜ்அலில்' என்று ஆறாவதைத் தொடங்கினார்.

ஸைனபு தட்டினாள். அவர் நிறுத்தி, நாலாவதை மறுபடி எடுத்தார். திரும்பவும் ஆறாவதே வந்தது. இன்னொரு தட்டு.

"ஸும்ம" என்றாள்.

"ஸும்ம கல்லா ஸயஃலமூன்" என்று சேர்த்து ஓதியவர், "அந்த மூட்ட இன்னும் அஞ்சு தடவை சொல்லிக் கொடு" என்றார்.