ஆசிரியருக்குக் கடிதம்: குப்பையால் அடைபட்டுக் கிடக்கும் வடிகால்

வினா: உங்கள் ஊர் மக்களைப் பாதிக்கும் பொதுப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்க வேண்டி நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம் ஒன்று எழுதுக.

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி,
வடக்கு மொரீசியஸ்.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
தமிழ் நாளிதழ் அலுவலகம்,
போர்ட் லூயிஸ்.

நாள்: 3 நவம்பர் 2025

பொருள்: மழைக்காலத்திற்கு முன் எங்கள் ஊர் வடிகாலைத் தூர்வாரவும், பெரிய கழிவுப் பொருள்களை முறையாக அகற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவின் பின்புறம், கரும்புத் தோட்டத்தின் ஓரமாகத் தொடங்கி, கோவில் வழியாகப் பெரிய சாலையைக் கடந்து செல்லும் வடிகால் ஒன்று பல மாதங்களாகக் குப்பையால் அடைபட்டுக் கிடக்கிறது. நவம்பர் பிறந்துவிட்டது, இன்னும் சில வாரங்களில் கோடைமழையும் புயல் எச்சரிக்கைகளும் வந்துவிடும். அதற்குள் இச்செய்தி உரியவர்களின் கவனத்திற்குச் செல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அடைப்பு உண்டாகும் இடம் எது என்பது எங்கள் ஊரில் சிறுவர்களுக்கும் தெரியும். மேட்டிலிருந்து வரும்போது ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவு அகலமாக இருக்கும் வடிகால், பெரிய சாலையின் அடியில் செல்லும் சிமெண்டுக் குழாயை அடையும்போது பாதியாகக் குறுகிவிடுகிறது. மேலிருந்து அடித்து வரப்படும் பொருள்கள் எல்லாம் அக்குழாயின் வாயில் வந்து சேர்கின்றன. சென்ற வாரம் பள்ளியிலிருந்து திரும்பும்போது நான் அங்கே நின்று பார்த்தேன். கிழிந்த மெத்தை ஒன்று குழாயின் வாயை முக்கால் பங்கு மூடியிருந்தது. அதன்மேல் இரண்டு டயர்கள், உடைந்த குளிர்பதனப் பெட்டியின் கதவு, வெட்டிப் போட்ட தென்னை மட்டைகள், எண்ண முடியாத அளவுக்குத் தண்ணீர்ப் புட்டிகள். மெத்தையின் பஞ்சில் புல் முளைத்திருந்ததைக் கண்டபோது, அது அங்கே கிடப்பது ஒரு நாள் இரு நாள் கதையன்று என்பது தெளிவாயிற்று.

இதனால் நேரும் துன்பத்தை நாங்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறோம். 2024ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தைப்பொங்கல். அன்றுதான் பெலால் புயலின் மழை தலைநகரத் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஆயினும் குழாயில் இறங்க வழியில்லாத நீர் சாலையில் ஏறி, அங்கிருந்து பள்ளத்தில் உள்ள ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் பாட்டியின் வீடும் அவற்றுள் ஒன்று. விடியற்காலையில் கோலம் போட்டு வைத்திருந்த முற்றத்தில் முழங்கால் அளவு சேற்றுநீர் நின்றது. அரிசி மூட்டையையும் தாத்தாவின் படத்தையும் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு, பாட்டி எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தார். சுவரில் நீர் நின்ற கோட்டை அவர் இன்றுவரை வெள்ளையடித்து மறைக்கவில்லை. கேட்டால், “அது இருக்கட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும்” என்கிறார்.

வெள்ளம் என்றால் பொருள் சேதம் மட்டும்தான் என்று எண்ணிவிட முடியாது. 2013ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் போர்ட் லூயிஸில் பெய்த திடீர் மழையில் பதினொரு பேர் உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது. நீருக்கு வழி இல்லாத இடத்தில் அது எவ்வளவு விரைவாக உயரும் என்பதை அந்த நாள் காட்டியது. மழை இல்லாத நாள்களிலும் வடிகாலால் தொல்லை உண்டு. குறிப்பாக, அதில் கிடக்கும் டயர்களின் உட்குழிவில் தேங்கும் நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவிற்கு ஏற்ற இடம். அக்கொசு ஓடும் சாக்கடையைவிட இத்தகைய சிறு தேக்கங்களிலேயே முட்டையிடுகிறது.

குற்றம் யாருடையது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் எங்களுடையது. மெத்தையைக் கொண்டுவந்து போட்டவர் வேற்றூரார் அல்லர். எங்கள் விழாக்களும் இதில் பங்கு வகிக்கின்றன என்பதைச் சொல்லத் தயங்கக் கூடாது. காவடித் திருநாளன்று கோவிலில் ஏழு கறியோடு வாழையிலையில் பரிமாறப்படும் உணவு நம் மரபின் பெருமை. அந்த இலை சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் அதே பந்தியில் கைக்கொன்றாகக் கொடுக்கப்படும் தண்ணீர்ப் புட்டி எங்கே போகிறது? நெகிழிப் பைகளுக்கு 2016ஆம் ஆண்டு முதலும், ஒருமுறை பயன்படுத்தும் தட்டு, கரண்டி முதலியவற்றிற்கு 2021ஆம் ஆண்டு முதலும் தடை வந்திருக்க, புட்டிகள் மட்டும் வடிகால் முழுவதும் மிதப்பதைக் காண்கிறோம். குடத்தில் நீர் வைத்து, குவளையில் மொண்டு கொடுத்த வழக்கத்திற்கு நம் கோவில்கள் திரும்பினால் என்ன குறைந்துவிடும்?

இருப்பினும் மக்களை மட்டும் கடிந்துகொண்டு கடிதத்தை முடிப்பது நியாயமாகாது. வீட்டுக் குப்பையை எடுக்கும் லாரி வாரந்தோறும் தவறாமல் வருகிறது. அதில் பணிபுரிவோரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மெத்தை, நாற்காலி, பழுதான குளிர்பதனப் பெட்டி போன்றவற்றை அந்த லாரி ஏற்றுவதில்லை. பெரிய பொருள்களை எடுக்கும் வண்டி எப்போது வரும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. வந்து போன பிறகுதான் தெரிகிறது. சொந்தமாக வண்டி இல்லாத குடும்பம் பழைய மெத்தையை என்ன செய்யும்? வாசலில் வைத்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். இருட்டியபின் வடிகாலில் தள்ளினால் கேட்பார் இல்லை. எங்கள் தெருவினர் இது குறித்து இருமுறை எழுத்து வழியாக முறையிட்டோம். ஒருமுறை ஆள்கள் வந்து குழாயின் வாயைச் சுத்தம் செய்தார்கள். ஆனால் எடுத்த சேற்றையும் குப்பையையும் கரையிலேயே குவித்துவிட்டுச் சென்றார்கள். அடுத்த மழையில் அவ்வளவும் மீண்டும் உள்ளே போயிற்று.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாக நாங்கள் வேண்டுவது இதுதான்: டிசம்பர் மாதத்திற்குள் வடிகாலைத் தூர்வாரி, எடுத்த கழிவை அன்றே லாரியில் ஏற்றி அகற்ற வேண்டும். சாலையடிக் குழாய்க்குச் சற்று மேலே இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று அமைத்தால், குப்பை அங்கேயே தங்கும், எளிதாக அள்ளவும் முடியும். ஆனால் தடுப்பு வைத்துவிட்டு அள்ளாமல் விட்டால், அதுவே புதிய அடைப்பாகிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும்விட முதன்மையாக, பெரிய கழிவுகளை எடுக்கும் நாளை முன்பே குறித்து, கோவில் அறிவிப்புப் பலகையிலும் கடைகளிலும் ஒட்ட வேண்டும். நாள் தெரிந்துவிட்டால், நான்கு வாரம் காத்திருக்க எந்தக் குடும்பமும் மறுக்காது. எங்கள் பங்காக, பள்ளி விடுமுறை தொடங்கியதும் நானும் என் வகுப்புத் தோழிகளும் வீடு வீடாகச் சென்று அந்நாளைத் தெரிவிக்க ஆயத்தமாக இருக்கிறோம். கோவில் நிர்வாகத்தினரிடமும் தண்ணீர்ப் புட்டிகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

இக்கடிதத்தைத் தங்கள் இதழின் வாசகர் பகுதியில் வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வடிகாலையும் குழாயின் வாயையும் நேரில் காண விரும்பும் செய்தியாளர் எவரேனும் வந்தால், எங்கள் தெருவினர் வழிகாட்டுவார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதினோராம் வகுப்பு மாணவி.