டெல்லியும் வெளிநாடுதான்: புதிய மாணவர்களுக்கான அறிமுக உரை

வணக்கம் பிள்ளைகளே. பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், மின்விசிறி இந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

நான் இங்கே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். மலேசியப் பிள்ளைகள் ஆன்ட்டி என்பார்கள், இலங்கைப் பிள்ளைகள் அன்ரி என்பார்கள். உங்களுக்கு எது வாயில் வருகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள்.

காலையில் ஆங்கிலத்தில் நடந்த கூட்டத்தில் நூலகம், அடையாள அட்டை, தேர்வு விதிகள் எல்லாம் சொல்லியிருப்பார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளை நான் தனியாகக் கூப்பிட ஒரு காரணம் உண்டு. கிளம்பும்போது வீட்டில் உங்களிடம் என்ன சொன்னார்கள்? "இந்தியாதானே, பக்கத்திலதானே, நம்ம ஆட்கள்தானே" என்று. லண்டனுக்குப் போன அண்ணனுக்காக அழுத அம்மா, உங்களை அனுப்பும்போது அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். அதனால்தான் இங்கே வந்து வீட்டு ஞாபகத்தில் தொண்டை அடைக்கும்போது அதை வெளியில் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கும். பக்கத்து நாட்டுக்கு வந்துவிட்டு இதற்குப் போய் அழுவதா என்று நினைப்பீர்கள்.

பக்கத்து நாடு என்றாலும் இது வெளிநாடுதான். அதிலும் டெல்லி, கும்பகோணத்துக்காரியான எனக்கே வெளிநாடு மாதிரி இருந்த ஊர். உங்கள் தமிழை வைத்துக்கொண்டு இங்கே அரைக்கிலோ வெங்காயம் வாங்க முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் சுலபம்.

வீட்டு ஞாபகம் முதல் வாரத்தில் பெரிதாகத் தெரியாது. அப்போது மெட்ரோ, இந்தியா கேட், புது அறை, புது போர்வை என்று ஓடிவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும். நல்லூர்த் திருவிழா காலம் அது; வீட்டிலிருந்து தேர்ப்படங்கள் வந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது பிடித்துக்கொள்ளும் காலம் தீபாவளி. அந்த நாலைந்து நாளில் விடுதி காலியாகிவிடும். பக்கத்து அறைப் பையன் லக்னோவுக்கோ ஜெய்ப்பூருக்கோ ராத்திரி பஸ் பிடித்துப் போய்விடுவான். தாழ்வாரத்தில் உங்கள் செருப்பு மட்டும்தான் கிடக்கும். அந்த நாட்களுக்கு இப்போதே ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் தங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுவோம். என் வீட்டில் தீபாவளியன்று மதியச் சாப்பாடு உண்டு. உபசாரத்துக்குச் சொல்லவில்லை, வர வேண்டும்.

அப்புறம் டிசம்பர். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் ஊர்களில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மறையும். இங்கே டிசம்பரில் மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். காலையில் பனிமூட்டம், அதற்கு முன்னால் நவம்பரில் புகைமூட்டம், அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பீர்கள். காரணம் தெரியாமல் மனசு சோர்ந்துபோகும். வெயில் வரும் நேரத்தில், பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ, வெளியே போய் உட்காருங்கள். டெல்லிக்காரர்கள் புல்வெளியில் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். நவம்பரில் வெளியே போக என்95 முகக்கவசம் வாங்கி வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்றே என்னிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பேசுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். அது வசதிதான், தொந்தரவும் அதுதான். காலை எழும்பினதும் அம்மா, மதியம் சாப்பிட்டாயா என்று அம்மா, இரவும் அம்மா. நாள் முழுக்கப் போனில் வீட்டில் இருந்தால் டெல்லிக்கு நீங்கள் வரவே இல்லை என்று அர்த்தம். ஒரு நேரம் குறித்துக்கொண்டு அப்போது நன்றாகப் பேசுங்கள். மலேசியா, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம். நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு. அவர்கள் தூங்குவதைப் பார்த்து, நம்மை மறந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாபகம், சோர்வு எல்லாம் தாண்டி, தூக்கமே வரவில்லை, வகுப்புக்குப் போகவே கால் எழவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். நம் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறார். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். அதில் தமிழிலும் பேசலாம். எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

பணத்துக்கு வருவோம். வருடா வருடம் ஒரே வேடிக்கைதான். இலங்கைப் பிள்ளை ஒரு ரூபாயை மூன்றால், மூன்றரையால் பெருக்கிப் பார்த்து, டீ குடிக்கவே பயந்து பட்டினி கிடக்கும். மலேசியப் பிள்ளை எல்லாவற்றையும் இருபதால் வகுத்துப் பார்த்து, "ஐயோ, இவ்வளவு மலிவா" என்று மாத நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். முதல் மாதம் கடந்ததும் கணக்கை இந்திய ரூபாயில் மட்டும் போடுங்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எண் மனசில் இருக்கட்டும்.

உதவித்தொகையில் வந்தவர்கள் கவனியுங்கள். முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகலாம். வங்கிக் கணக்கு, சேர்க்கைக் கடிதம், பதிவு எல்லாம் முடிந்தால்தான் நகரும். அதுவரை தாங்கக் கையில் பணம் இருக்கட்டும். வெளிநாட்டு மாணவருக்கு வங்கியில் என்ஆர்ஓ என்ற, இந்தியாவில் நிரந்தரமாக வசிக்காதவர்களுக்கான கணக்கைத்தான் திறப்பார்கள். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், புகைப்படம் போதும். இங்கத்திய முகவரியை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். முகவரி சரிபார்க்கப்படும் வரை வெளிநாட்டிலிருந்து 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. ஆகவே வருடக் கட்டணம் முழுவதையும் உடனே அனுப்பச் சொல்லி அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். டீக்கடை முதல் காய்கறி வண்டி வரை எல்லோரும் க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார்கள். கணக்கு தயாராகும் வரை பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பகுதிநேரமாகச் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்று சொல்லும் சீனியர் வருவார். கேட்காதீர்கள்.

பதிவு விஷயம் இன்னும் முக்கியம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், முகவரி indianfrro.gov.in. அதே மாதிரி பெயரில் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு, எழுத்தைச் சரிபார்த்துத் திறங்கள்.

சாப்பாடு. விடுதி மெஸ்ஸில் ராஜ்மா, சோலே, ஆலு, ரொட்டி, மறுபடி ஆலு. சோறு இருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற சோறாக இருக்காது. இடியப்பமும் சொதியும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக மெஸ்ஸை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்தே தருவித்துச் சாப்பிட்டால் பணமும் வயிறும் சேர்ந்து போகும். ராஜ்மாவோடு சோறு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், நம் பருப்புச் சோற்றுக்குத் தூரத்துச் சொந்தம் அது. பெட்டியில் அம்மா வைத்துவிட்ட கறித்தூள் இருக்கிறதே, அதை மேலே தூவிக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

நம் சாமான் வேண்டுமென்றால் ஐஎன்ஏ மார்க்கெட். மெட்ரோவிலேயே இறங்கலாம், நிலையத்தின் பெயரே டில்லி ஹாட் ஐஎன்ஏ. அங்கே கேரளக் கடைகளில் சிவப்பரிசி, தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை, மீன் எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அசோகா சாலை ஆந்திரா பவனில் வரிசையில் நின்று வயிறாரச் சாப்பிடுங்கள். காரம் உங்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும். அறையில் மின்அடுப்பு வைக்க விடுதி விடாது.

இன்னொன்று, தயக்கமில்லாமல் சொல்கிறேன். டெல்லியில் பசு, காளை இறைச்சிக்குச் சட்டப்படி தடை. ஊரிலிருந்து பொட்டலம் எதுவும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி அறையில் விளையாட்டாகப் பேசுவதில்கூடக் கொஞ்சம் ஜாக்கிரதை.

நட்பு. இதில்தான் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு வளையம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் முருகன் கோவில் இருக்கிறது, 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கமும் அங்கேதான். போங்கள், மனசு லேசாகும். ஆனால் வாரம் முழுவதையும் அங்கே கழித்தால் மூன்று வருடம் கழித்தும் ஹிந்தியில் வழி கேட்கத் தெரியாது.

முதல் நண்பர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போலவே ஹிந்தியில் தடுமாறுகிறவர்களிடம். மணிப்பூர், மிசோரம், கேரளத்துப் பிள்ளைகள், எத்தியோப்பியா, உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். மெஸ்ஸில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே மேஜையில் உட்காருங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம். நாலாவது நாள் யாராவது உப்பு கேட்பார்கள். ஹிந்தியில் ஆட்டோக்காரரை அண்ணா என்ற பொருளில் "பையா" என்று கூப்பிட்டு, எவ்வளவு என்பதற்கு "கித்னா" என்று கேட்டுப் பழகுங்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே உதவுவார்கள்.

இலங்கையா, அப்படியானால் சென்னையா என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள். போரைப் பற்றியும் கேட்பார்கள், அதுவும் அறிமுகமான முதல் நாளே, டீக்கடையில் நின்றுகொண்டு. உங்கள் வீட்டில் நடந்ததை யாருக்கும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. "அதை இன்னொரு நாள் பேசலாம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். நல்ல நண்பராக வரப்போகிறவர் அதற்குமேல் கேட்க மாட்டார்.

குளிருக்கு ஜாக்கெட் வாங்க அவசரப்படாதீர்கள், நவம்பரில் சேர்ந்து போகலாம். காஷ்மீரி கேட் பக்கம் மொனாஸ்டரி மார்க்கெட்டில் பேரம் பேச நானே வருகிறேன்.

சரி, மெஸ்ஸில் ஒன்றரைக்குச் சாப்பாட்டை எடுத்துவிடுவார்கள். சாப்பிட்டதும் பாஸ்போர்ட், விசா நகலோடு என் அறைக்கு வாருங்கள். வந்து பத்து நாள் தாண்டியவர்கள் முதலில்.