மேலாண்மைக் கடிதம்: 2024–25 தணிக்கையில் கண்ட உள்கட்டுப்பாட்டுக் குறைகள்

கோயம்புத்தூர்
12.09.2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர், திருப்பூர்

ஐயா, வணக்கம்.

31.03.2025 உடன் முடிந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்கனவே தந்துவிட்டோம். கணக்கு பார்த்தபோது உள்கட்டுப்பாட்டில் கண்ட குறைகளை, முதலில் சரிசெய்ய வேண்டியது முதலில் வரும்படி இங்கே எழுதுகிறோம். எல்லாப் பதிவையும் நாங்கள் பார்க்கவில்லை, மாதிரிக்கு எடுத்தவற்றைத்தான் பார்த்தோம்.

1. வங்கிப் பணம் ஒரே கையில் (மிக அவசரம்)

சப்ளையர் பில்லைப் பதிவதும், நெட் பேங்கிங்கில் பணம் அனுப்புவதும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பதும் தலைமைக் கணக்காளர் ஒருவரே. ஒப்புதல் தர வேண்டிய உங்கள் டோக்கனும் அவர் மேசை இழுப்பறையில், பின் எண் எழுதிய சீட்டோடு இருந்தது. டேலியில் மூன்று பேரும் admin என்ற ஒரே பெயரில் நுழைவதால், எடிட் லாக் இருந்தும் யார் திருத்தினார்கள் என்று தெரியவில்லை.

பணம் எதுவும் தவறியதாக நாங்கள் காணவில்லை. அவர் பதினாறு வருடம் உங்களோடு இருப்பவர், அவரைச் சந்தேகித்து இதை எழுதவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு தொகை இடித்தால், தன் மேல் தப்பில்லை என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்காது. டோக்கனை இன்றே நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின் எண்ணையும் மாற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும். வங்கி ஒத்துப்பார்ப்பை ஸ்டோர்ஸ் கணக்கர் செய்து, நீங்கள் கையெழுத்திட்டால் போதும். புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை.

2. ஜாப் ஒர்க்கில் உள்ள துணி (அவசரம்)

ஒரு சாயப்பட்டறையில் 1,240 கிலோ இருப்பதாக உங்கள் ஏடு சொல்கிறது. அவர்கள் எங்களுக்குத் தந்த உறுதிக் கடிதத்தில் 905 கிலோதான். 335 கிலோ வித்தியாசத்தில் எவ்வளவு சாயக் கழிவு, எவ்வளவு திரும்பி வந்தும் பதியாதது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் ஜி.எஸ்.டி. சட்டப்படி அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். டெலிவரி சலானுக்குச் சலான் வரவு வைத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொரு பட்டறையிடமும் இருப்பைக் கேட்டு ஒத்துப்பாருங்கள். கழிவு சதவீதத்தை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

3. ரொக்க வவுச்சர்கள் (நடுத்தரம்)

வேன் வாடகைக்கு ஒரே நாளில், ஒரே ஆளுக்கு, ரூ.9,800 வீதம் அடுத்தடுத்த மூன்று வவுச்சர்கள். இப்படிப் பிரித்து எழுதுவதில் பயனில்லை. வருமான வரிச் சட்டம் நாளின் மொத்தத்தைத்தான் பார்க்கும். லாரி, வேன் வாடகைக்கு வரம்பு ரூ.35,000, மற்றவற்றுக்கு ரூ.10,000. இங்கே மொத்தம் ரூ.29,400, அதனால் ஒரே வவுச்சராகவே எழுதியிருக்கலாம். தையல் கான்ட்ராக்டருக்கும் இதே பழக்கம் வந்தால் செலவு கழிவு கிடைக்காது. முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள்.

தையல் மெஷின்களுக்கு எண் ஒட்டுவதும் சொத்துப் பதிவேட்டை முடிப்பதும் மார்ச்சுக்குள் நடந்தால் சரி.

ஒவ்வொன்றையும் யார், எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று 30 நாளில் எழுத்தில் பதில் தாருங்கள். முதல் குறை சரியானதா என்று பார்க்க நவம்பரில் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
பங்குதாரர்,
பட்டயக் கணக்காளர்கள்