பொருள்: மருந்து வைத்து 19 நாளில் மறுபடியும் கரப்பான் – பில் எண் 1187 – இலவசமாக ஒருமுறை வந்து பார்க்க வேண்டி

அலுவலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. ஈரோடு சூரம்பட்டியிலிருந்து சுமதி எழுதுகிறேன். ஜூன் 14, சனிக்கிழமை காலையில் உங்கள் ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து கரப்பானுக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார். 1,800 ரூபாயை அப்போதே ஜிபேயில் அனுப்பிவிட்டோம். 90 நாளைக்குள் பூச்சி திரும்ப வந்தால் காசு வாங்காமல் ஒருமுறை வந்து மருந்து வைத்துத் தருவதாகப் பில்லின் அடியில் அச்சடித்திருக்கிறீர்கள். 90 நாள் என்றால் செப்டம்பர் 12 வரைக்கும். இன்று ஜூலை 10தான் ஆகிறது.

முதல் இரண்டு வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் காலையில் செத்துக் கிடந்ததைக் கூட்டி அள்ளினோம். ஜூலை 3 ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை லைட்டைப் போட்டேன். மிக்ஸிக்கு அடியிலிருந்து குட்டிக் குட்டியாக நாலைந்து ஓடின, கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மறுநாள் பத்தரை மணிக்கு டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன்: கேஸ் அடுப்புக்குப் பின்னால், கப்போர்டு கீல் இடுக்கில், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் பக்கம் என்று மொத்தம் 17. சாக்கடையிலிருந்து வரும் பெரிய கரப்பான் இல்லைங்க. வெளிர் பழுப்பில், கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கருப்புக் கோடு போட்ட சின்ன ஜாதி. படம் மூன்று இணைத்திருக்கிறேன்.

இது எதனால் என்று அன்றைக்கு வந்த தம்பியே சொல்லியிருந்தார். "அக்கா, முட்டைப் பைக்குள்ள மருந்து போகாதுங்க. அது பொரிச்சு வர்றப்போ இன்னொருக்கா வெக்கோணும், மூணு வாரம் கழிச்சு ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க" என்றார். ஒரு பையிலேயே முப்பது, நாற்பது முட்டை இருக்குமாம். மூணு வாரம் தாண்டியும் போன் வரவில்லை. நானே ஜூலை 4, 7 இரண்டு நாளும் கூப்பிட்டேன். "சொல்லி விடறோம்ங்க" என்றதோடு சரி. அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு முதலில் ஜெல் பொட்டு வைத்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் இருக்கும் கப்போர்டில் மட்டும் அதன் மேலேயே ஸ்ப்ரேயும் அடித்தார். அங்கே வைத்த பொட்டெல்லாம் கடிபடாமல் அப்படியே காய்ந்து கிடக்கிறது. ஸ்ப்ரே படாத ஃப்ரிட்ஜ் பின்பக்கத்தில் பொட்டு முக்கால்வாசி தின்று தீர்ந்திருக்கிறது. ஸ்ப்ரே வாடைக்கு அவை ஜெல்லை அண்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த முறை ஜெல் மட்டும் வைத்தால் போதும். வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான், வீசிங் உண்டு. கரப்பான் எச்சத்தூளே அவனுக்கு இழுப்பைக் கிளப்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் இரண்டு ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது. அவன் பால் டம்ளரைத் தினமும் சுடுதண்ணீரில் போட்டு எடுத்த பிறகும் கொடுக்க மனசு வருவதில்லைங்க.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஜெல் வைத்த இடத்தைத் துடைக்கவில்லை, பினாயில் போடவில்லை. அரிசி, பருப்பு எல்லாம் மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. சிங்க் குழாய் ஒழுகியதை ஜூன் கடைசியில் மாற்றிவிட்டோம். ராத்திரி எச்சில் பாத்திரம் போட்டு வைப்பதில்லை. எங்களுடையது லைன் வீடு. பக்கத்து வீட்டுச் சமையலறையும் எங்களுடையதும் ஒரே சுவர். பைப் போகும் ஓட்டை வழியாக அங்கிருந்து வந்தாலும் வரலாம். வருகிறவர் அதையும் பார்த்துச் சொன்னால், வீட்டுக்காரரிடம் பேசி அடைக்கச் சொல்வது என் பொறுப்பு.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜூலை 19 சனிக்கிழமைக்குள் ஒரு நாள் ஆளை அனுப்புங்கள். முந்தின ராத்திரியே கப்போர்டைக் காலி செய்து, ஃப்ரிட்ஜை நகர்த்தி வைத்துவிடுகிறோம். முடிந்தால் அந்தத் தம்பியையே அனுப்புங்கள். வேலையைப் பொறுமையாகச் செய்தார், எங்கெங்கே பொட்டு வைத்தார் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இப்போது வைப்பதிலும் தப்பிப் பொரிக்கிற குட்டி இருக்குமா, எத்தனை நாள் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆடி 18க்கு நங்கையா குடும்பம் குழந்தைகளோடு வந்து நாலு நாள் தங்குகிறார்கள். அதற்குள் சமையலறை சுத்தமாகிவிட வேண்டும்.

காலை 10 மணிக்கு மேல் எப்போது வந்தாலும் வீட்டில் இருப்பேன். பில்லில் இருக்கும் என் நம்பருக்கே கூப்பிடலாம். எந்தத் தேதி என்று திங்கட்கிழமைக்குள் பதில் போட்டுவிடுங்கள்ங்க.

நன்றி.

இப்படிக்கு,
சுமதி
சூரம்பட்டி, ஈரோடு

இணைப்பு: பில்லின் படம், சமையலறைப் படங்கள் மூன்று