பொருள்: கன்னடியன் கால்வாய், சேரன்மகாதேவி–பத்தமடை பகுதி: பெஞ்ச் மார்க் உயரமும் டேட்டம் விவரமும் கோருதல்

பெறுநர்: இயக்குநர், நில அளவை மற்றும் நிலவரித் திட்டம், சேப்பாக்கம், சென்னை
நகல்: உதவி இயக்குநர், நில அளவை, திருநெல்வேலி

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கன்னடியன் கால்வாயைத் தூர்வாரிச் சீரமைப்பதற்காகச் சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வரை 5.2 கி.மீ. நீளத்துக்கு மட்டம் எடுத்து வருகிறோம். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இரண்டு பெஞ்ச் மார்க்குகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பழைய வரைபடத்தில் சேரன்மகாதேவி ரயில் நிலையக் கட்டடச் சுவரில் உள்ள குறி 64.310 மீ.; பத்தமடை சாலைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உள்ளது 58.745 மீ. அதன்படி வித்தியாசம் 5.565. ஆட்டோ லெவலில் போகவர ஓட்டியதில் எங்களுக்குக் கிடைத்தது 5.352. சுற்று 17 மி.மீ.க்குள் மூடியது (10.4 கி.மீ. சுற்றுக்கு 12√K கணக்கில் அனுமதி சுமார் 39 மி.மீ.). ஆகவே 213 மி.மீ. வித்தியாசத்துக்கு எங்கள் வாசிப்பு காரணமாக இருக்க வாய்ப்பில்லை. கால்வாயின் படுகைச் சரிவு 5000-க்கு 1, அதாவது கிலோமீட்டருக்கு 20 செ.மீ.தான். இந்தப் பிழையை அப்படியே விட்டால் ஒரு கிலோமீட்டருக்கான சரிவே போய்விடும். கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது.

இரு குறிகளும் ஒரே டேட்டத்தில் இருந்தால், 5 கி.மீ.க்குள் டேட்டம் மாற்றத்தால் இவ்வளவு வித்தியாசம் வராது. இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். ஒன்று 1909 டேட்டத்திலும் மற்றது வேறொன்றிலும் இருக்க வேண்டும், அல்லது சாலை அகலப்படுத்தியபோது பாலச் சுவர் இடிக்கப்பட்டுக் குறி புதிதாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் எங்கள் சந்தேகம்.

எனவே இந்த இரண்டுக்கும், 3 கி.மீ. சுற்றளவில் உள்ள மற்ற பெஞ்ச் மார்க்குகளுக்கும் கீழ்க்காணும் விவரம் வேண்டுகிறோம்:

குறியின் எண், இருப்பிடக் குறிப்பு, மி.மீ. வரையான உயரம், மட்டம் எடுத்த ஆண்டும் தரமும். மூலப் பதிவு அடியில் இருந்தால் அந்த அளவையே தாருங்கள். மீட்டருக்கு நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். அடுத்து, டேட்டம் இந்தியச் செங்குத்து டேட்டம் 1909-ஆ, 2009-ஆ, அல்லது பொதுப்பணிக்காக வைத்துக்கொண்ட உள்ளூர் மட்டமா? "சராசரி கடல் மட்டம்" என்று மட்டும் இருந்தால் போதாது, இரண்டுக்குமே அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

உயரம் கார்ஸ் நிலையம் வழியே ஜி.என்.எஸ்.எஸ். முறையில் எடுக்கப்பட்டிருந்தால், பயன்படுத்திய ஜியாய்டு மாதிரியின் பெயரும் நீள்வட்டக உயரமும் தனித்தனியே தேவை. இப்பகுதியில் நீள்வட்டக உயரத்துக்கும் கடல் மட்ட உயரத்துக்கும் இடையே 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. நீள்வட்டக உயரம் மைனஸில் வரும். மாதிரி மாறினால் செ.மீ. அளவில் மதிப்பும் மாறும்.

இவை இந்திய நில அளவைத் துறையின் ஜி.டி.எஸ். குறியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றால், அந்த மூலக் குறியின் எண்ணைத் தெரிவித்தால் போதும். அங்கே தனியாக விண்ணப்பிக்கிறோம்.

கட்டணம் இருந்தால் தொகையும் செலுத்தும் முறையும் தெரிவிக்கவும். பதிவேட்டுப் பக்கத்தின் ஸ்கேன் நகலே போதுமானது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தபின் படுகையில் கோல் வைக்க முடியாது என்பதால் மே 10-க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இணைப்பு: மட்டப் புத்தகப் பக்கங்கள், இரு குறிகளின் படங்கள், வழித்தட வரைபடம்.

இப்படிக்கு,
களப் பொறியாளர்,
கன்னடியன் கால்வாய் மட்டமெடுப்புப் பணி,
சேரன்மகாதேவி