கார்த்திக்குக்கு, நம் வீட்டுக் காபி பற்றி

அன்புள்ள கார்த்திக்,

நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கும்போது நான் கும்பகோணம் ரயிலில் இருப்பேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். திங்கட்கிழமை காலைதான் திரும்புவேன். பிரபுவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வந்ததும் படுத்துவிடுவான். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நீங்களும் காபிக்காரர் என்று போனில் சொன்னதும் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மேடையில் இரண்டு ஃபில்டர் இருக்கும். எவர்சில்வர் ஃபில்டர்தான் தினசரிக்கு, மூன்று டம்ளர் காபிக்குப் போதும். நான்கு ஸ்பூன் பொடியைக் கோபுரமாகப் போட்டு, குடையை அதன் மேல் வைத்து லேசாக அமுக்குங்கள். பலமாக அமுக்கினால் தண்ணீர் இறங்காது. நம் பொடியில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி, மூடிவிட்டு இருபது நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். தட்டினால் பொடியும் சேர்ந்து இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் கேன் தண்ணீராக இருக்கட்டும். குழாயில் வருவது போர் தண்ணீர், அதில் காபி சப்பென்று ஆகிவிடும்.

அடுத்தது பித்தளை ஃபில்டர். இது என் பாட்டியுடையது. உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்போம், நீங்களும் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதை அடுப்பில் காட்டவே கூடாது. பூசியிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கேஸ் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. வெளியே மட்டும் புளி போட்டுத் தேயுங்கள். உள்ளே வெந்நீரும் மெல்லிய துணியும் போதும், கம்பி நார் வேண்டாம். மேல் டப்பாவின் ஓரத்தில் ஒரு நசுங்கல் இருப்பதைப் பார்ப்பீர்கள். முன்பு இங்கே இருந்த ஒருவர், இரண்டு டப்பாவும் ஒட்டிக்கொண்டதென்று சப்பாத்திக் கட்டையால் அடித்துவிட்டார். அன்றிலிருந்து அது சரியாக உட்காருவதில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேரும் இடத்தில் சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும்.

எவர்சில்வரில் துளை அடைத்துக்கொண்டால் வழி வேறு. மேல் டப்பாவைக் கவிழ்த்து இடுக்கியில் பிடித்து, சின்னத் தீயில் காட்டுங்கள். துளைக்குள் சிக்கிய பொடி சிவப்புப் புள்ளிகளாகக் கனன்று, கொஞ்சம் புகைந்து அடங்கும். நன்றாக ஆறவிட்டுத் தட்டினால் சாம்பலாக உதிரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாத் துளையும் தெரியும். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான், நான் ரொம்பக் கேட்டுக்கொள்வதும் அதுதான். கடைசியாக டிகாக்‌ஷன் எடுப்பவர் ஃபில்டரை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஈரப் பொடி ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடிக்கும். அப்புறம் எத்தனை தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. சக்கையை சிங்க்கில் கொட்டாதீர்கள். நம் குழாய் ஏற்கெனவே இரண்டு தடவை அடைத்துப் பிளம்பர் வந்தாகிவிட்டது. பால்கனியில் ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது, அதில் போடுங்கள். காய்ந்ததும் மண்ணோடு கலந்து கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடுவேன்.

பால் காய்ச்சும் பாத்திரத்தையும் ஊற்றி முடித்த கையோடு தண்ணீர் விட்டு ஊற வைத்துவிடுங்கள். டவரா டம்ளர் நான்கு ஜோடி இருக்கிறது. அவரவர் குடித்ததை அவரவர் கழுவிவிடுவோம். பணிப்பெண் அக்கா மதியம்தான் வருவார். வாசனை சோப்பில் அவர் ஃபில்டரைத் தேய்க்காமல் இருக்க, அதற்கு முன் நாமே கழுவி அலமாரியில் ஏற்றிவிடுவது நல்லது.

பொடி நீல மூடி டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி இருக்கும். ஈர ஸ்பூன் விடவேண்டாம். பத்து நாளைக்கு 250 கிராம் வாங்குகிறோம், புதிதாக அரைத்தது. பால் ஆவின் பச்சை பாக்கெட், ஐந்தரைக்கே கதவில் தொங்கும் பையில் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஆளுக்கு 700 ரூபாய், கணக்கு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் நோட்டில். இந்த மாதம் பாதி போய்விட்டதால் நீங்கள் அடுத்த மாதத்திலிருந்து தந்தால் போதும்.

இன்னொன்று. பிரபு ஷிஃப்ட் முடிந்து வரும்போது அரை டம்ளர் டிகாக்‌ஷன் மிச்சம் இருந்தால் அவனுக்குப் பெரிய உதவி. கழுவிய டம்ளரில் ஊற்றி மூடி வையுங்கள், பால் அவனே காய்ச்சிக்கொள்வான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். புதுப் பொடியும் கையோடு கொண்டுவருகிறேன். எழுந்திருந்தால் முதல் டிகாக்‌ஷனைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
செந்தில்