விடியக்கால தேயிலைத் தோட்டம் – காலண்டர் அட்டைக்கான முழு பிராம்ப்ட்

நிஜ போட்டோ மாதிரி ஒரு படம் வேணும், பெயின்டிங் மாதிரி இல்ல, 3:2 அளவு, படுக்கை வாட்டம். மலைச்சரிவுல தேயிலைத் தோட்டம், பொழுது விடிஞ்சு சூரியன் வலது பக்கத்து மலை முகட்டுக்கு மேல இப்பதான் ஏறிட்டு இருக்கு. கேமரா எதிர்ச்சரிவுல கொஞ்சம் உயரத்துல, 85 மி.மீ லென்ஸ், f/11, கிட்ட இருக்குறதுலேர்ந்து தூரம் வரைக்கும் எல்லாம் தெளிவா இருக்கணும், பின்னாடி மங்கலாக்குற போர்ட்ரெயிட் எஃபெக்ட் வேண்டாம்.

முக்கியமான விஷயம் செடி. தேயிலைன்னு சொன்னா உருண்டை உருண்டையா புதர் வெச்ச பூங்கா மாதிரி வந்துடுது, இல்லன்னா நேர்க்கோட்டுல நெல் நட்ட மாதிரி வருது, ரெண்டும் தப்பு. கவாத்து பண்ணி இடுப்பு உயரத்துல மேல்பக்கம் தட்டையா மேஜை மாதிரி இருக்குற செடி, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே பச்சை மெத்தை மாதிரி தெரியணும், நடுவுல ஆள் ஒருத்தர் நுழையுற அளவுக்கு ஒடுக்கமான இருட்டுச் சந்து. வரிசை மலையோட வளைவை அப்படியே ஒட்டி வளைஞ்சு போகணும், சரிவு உள்வாங்குற இடத்துல உள்ள மடங்கி, புடைக்கிற இடத்துல வெளிய வரணும், ஒரு ரெண்டு இடத்துல வரிசையை குறுக்கே வெட்டி செம்மண் நடைபாதை மேல ஏறுது. கீழ இலை எல்லாம் கரும்பச்சை, முத்தின இலை, மேல மட்டும் புதுக் கொழுந்து மஞ்சள் கலந்த இளம்பச்சை, அந்த ரெண்டு பச்சையும் தனித்தனியா தெரியணும், எல்லாத்தையும் ஒரே பச்சையா ஆக்கிட்டா பிளாஸ்டிக் புல்லு மாதிரி போயிடும். முன்னாடி இடது மூலையில இருக்குற செடி கேமராவுக்கு 12 மீட்டர் தூரத்துல, பனி ஈரத்தோட மினுமினுப்பு போதும், முத்து முத்தா நீர்த்துளி வேண்டாம், அவ்வளவு தூரத்துல அது கண்ணுக்கே தெரியாது.

மூடுபனி பள்ளத்துல மட்டும். ராத்திரி குளிர்ந்த காத்து சரிவுல வழிஞ்சு கீழ போய் தேங்கி நிக்கும்ல, அந்தப் பனி, அதனால மேல்மட்டம் பாத்திரத்துல ஊத்துன பால் மாதிரி சமமா இருக்கணும், ஓரத்துல மட்டும் பிரிஞ்சு நூல் நூலா செடிக்கு மேல ஏறுது. நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக் மரம் நாலஞ்சு, பனிக்கு மேல தலையை மட்டும் நீட்டிட்டு நிக்குது, ஒல்லியா, ஒரே சீரான இடைவெளி இல்லாம. மேல் சரிவு துல்லியமா தெரியணும், மொத்தப் படத்துக்கும் ஒரு வெள்ளைத் திரை போட்டுடாத.

வெளிச்சம் வலது பக்கத்துலேர்ந்து, தாழ்வா. சரிவோட மேல் மூணுல ஒரு பங்கு மட்டும் வெயில் பட்டு இளம் மஞ்சளா, செடி வரிசையோட இடது பக்கம் நீளமா நிழல் விழணும், அந்த நிழலாலதான் வரிசையே தெரியும். அதுக்குக் கீழ எல்லாம் இன்னும் நிழல்லதான், நீலம் தட்டின சாம்பல், பனியும் அதே நிறம். சூரியனோட வட்டம் ஃபிரேம்ல வேண்டாம், கத்தை கத்தையா ஒளிக்கீற்று, லென்ஸ் ஃபிளேர் எதுவும் வேண்டாம், காலண்டர்ல அதெல்லாம் பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு.

ஆளுங்க ஏழு பேர், நடுச்சரிவுல, வெயிலும் நிழலும் சந்திக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, கேமராவுலேர்ந்து சுமார் 200 மீட்டர். இடுப்புக்குக் கீழ செடி மறைச்சிடும், அதனால தெரியுற பாகம் படத்து உயரத்துல 60-ல ஒரு பங்குதான் இருக்கணும், முகம் தெரியவே கூடாது. அஞ்சு பேர் ஆளுக்கொரு வரிசையில முன்ன பின்ன நின்னு குனிஞ்சு கொழுந்து பறிக்கிறாங்க, ரெண்டு பேர் இன்னும் பாதையில ஏறி வந்துட்டு இருக்காங்க. முதுகுல கூடை, கூடையோட பட்டை நெத்தியில, தலையில துணி. வேலை இப்பதான் ஆரம்பிச்சிருக்கு, கூடை காலியா இருக்கணும், கொழுந்து பொங்கி வழியுற கூடை காலையில வராது. துணி நிறம் துவைச்சு வெளிறின மெரூன், மங்கின மஞ்சள், சாம்பல், ஒருத்தர்கிட்ட மட்டும் நல்ல சிவப்பு, மொத்தப் படத்துலயும் அழுத்தமான நிறம் அது ஒண்ணுதான்.

மேல் மூணுல ஒரு பங்கு வெறும் வானமும் தூரத்து மலையும் மட்டும், மாசம் பேரு அங்க அச்சாகும், மேகம் குறைவா, தூர மலை அடுக்கு போகப் போக வெளிறி நீலமா.

நெகட்டிவ் பிராம்ப்ட்: எழுத்து, லோகோ, வாட்டர்மார்க், டீ கப், சிரிச்சுட்டு கேமராவைப் பார்க்குற ஆள், தென்னை மரம், பறவைக் கூட்டம், வீடு, கம்பி, ஜீப், ஹெச்டிஆர் மாதிரி தூக்கலான நிறம், கார்ட்டூன், ஒரே ஆளை காப்பி பண்ணி ஒட்டின கூட்டம்.